அனுப்பும் முன் வாய்விட்டுப் படியுங்கள்: செய்தியில் தெரியாமல் ஏறிவிடும் குத்தலும் ஒட்டாமையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முடிச்சுப் போடும் பெண்கள், சாயப்பட்டறைக்காரர்கள், வெளியூர் வாடிக்கையாளர்கள் என்று எல்லாருக்கும் வாட்ஸப்பில் செய்தி எழுதுவது என் பொறுப்பு. கடையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளும் வீட்டு உறவுகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் நல்ல மனதோடுதானே எழுதினேன், அவருக்கு மட்டும் ஏன் குத்தலாகப் படுகிறது?

எழுதும்போது உங்கள் காதில் உங்கள் குரல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. படிப்பவருக்கு அந்தக் குரல் போய்ச் சேருவதில்லை. "நல்லா வந்திருக்கு" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே தட்டியிருப்பீர்கள். அவர் அன்றைக்கு இருக்கிற மனநிலைக்கு ஏற்ற ஒரு குரலைத் தாமே அதற்குப் போட்டுப் படிப்பார்.

இதை 2005-இல் அமெரிக்காவில் நான்கு உளவியல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். சில வாக்கியங்களை நேராகவும் சிலவற்றைக் கேலியாகவும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் செய்து, எது கேலி, எது நேர்ச்சொல் என்று பெறுபவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 78 சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் புரிந்துகொள்ளப்பட்டது 56 தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சரியாக அமைந்துவிடும் என்பதால், எழுத்து கூடுதலாகக் கொண்டு சேர்த்தது மிகக் கொஞ்சம். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 வரை சரியாகப் புரிந்தது. எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தம் காதில் ஒலித்த குரலை ஒதுக்கிவைத்துவிட்டுத் தம் எழுத்தைப் பார்க்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் எழுதியவரே தன் செய்தியை எப்படிச் சோதிக்க முடியும்?

வழியும் அதே ஆய்விலேயே இருக்கிறது. தாங்கள் நினைத்ததற்கு நேர்மாறான தொனியில் தங்கள் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தவர்களுக்கு, தங்கள் எழுத்து தெளிவாக இருக்கிறது என்ற அதீத நம்பிக்கை குறைந்தது. நான் கடையில் செய்வதும் ஏறத்தாழ இதுவே. செய்தியை எழுதி முடித்ததும், கோபமாக இருக்கும் ஒருவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்வதுபோல ஒருமுறை மெல்ல வாய்விட்டுப் படிக்கிறேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வாக்கியம் அந்தக் குரலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், அதில் திருத்த வேண்டியது ஏதோ இருக்கிறது என்று பொருள். அந்தக் குரலில் படிக்கும்போது வாக்கியம் முரண்டு பிடித்து, செயற்கையாக ஒலித்தால் அனுப்பலாம்.

மனதுக்குள் படித்தால் இந்தச் சோதனை பலிப்பதில்லை, ஏனென்றால் மனது பழைய குரலிலேயே படித்துவிடுகிறது. பேருந்திலோ கூட்டத்திலோ இருந்தால் உதட்டை அசைத்தாவது படியுங்கள். இரண்டு வரிச் செய்திக்குக் கால் நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். உங்கள் செய்தி தனியாகப் போய் நிற்கப் போவதில்லை. அவர் கடைசியாக எழுதியதற்குக் கீழே போய் நிற்கப் போகிறது. ஆகையால் அவருடைய கடைசிச் செய்தியிலிருந்து தொடங்கி, இரண்டையும் ஒரே மூச்சில் படியுங்கள். "மன்னிச்சிருங்க, பஸ் கிடைக்கலை" என்று அவர் எழுதியிருக்க, அதற்குக் கீழே "சரி, வர்றப்ப வாங்க" என்று நீங்கள் எழுதினால், தனியாகப் பார்க்கும்போது கனிவாக இருந்த வரி அங்கே கையை உதறுவதுபோல நிற்கும்.

எந்தச் சொற்களில்தான் குத்தல் அதிகம் ஒளிந்திருக்கிறது?

பெரிய சொற்களில் இருப்பது குறைவு. தமிழில் அது பெரும்பாலும் சொல்லின் வாலில், "ஆவது", "தான்", "ஏ", "ஆம்" போன்ற இடைச்சொற்களில் இருக்கிறது. ஏகாரத்துக்கு மட்டும் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருளைத் தொல்காப்பியம் சொல்கிறது. பேசும்போது எந்த ஏகாரம் எந்தப் பொருளில் வருகிறது என்பதைக் குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும். "வந்துட்டீங்களே!" என்பது மகிழ்ச்சியா, எரிச்சலா என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியும், திரையில் படிப்பவருக்குத் தெரியாது.

"தான்" வரும்போது அது எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். "நீங்கள் 6 மணி என்று சொன்னீர்கள்" என்பது வெறும் நினைவூட்டல். "நீங்கள்தான் 6 மணி என்று சொன்னீர்கள்" என்றால் குற்றம் அவர் தலையில் ஏறிவிட்டது. "6 மணிக்குத்தானே சொன்னீர்கள்?" என்று நேரத்தோடு ஒட்டினால் மீண்டும் உறுதிப்படுத்திக்கொள்ளும் கேள்வியாகிவிடுகிறது. "தான்" ஆளின் மேல் இருந்தால் எடுத்துவிடுவதும், நேரம், இடம், பொருள் ஆகியவற்றின் மேல் இருந்தால் விட்டுவைப்பதும் என் வழக்கம்.

"ஆம்" இன்னும் நுட்பமானது. பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதற்கு அது இயல்பான சொல்தான். ஆனால் கேட்டதை நான் நம்பவில்லை என்ற சாயலும் அதற்கு உண்டு. எங்கள் குடும்பக் குழுவில் ஒரு தம்பி, "அத்தைக்கு முட்டுவலியாம், விசேஷத்துக்கு வர முடியலையாம்" என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்ற நினைப்பில் எழுதினான். அத்தையும் அந்தக் குழுவில் இருக்கிறார். "நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று அவர் எனக்குத்தான் போன் செய்தார். "அத்தைக்கு முட்டுவலி, அதனால் வர முடியவில்லை என்று சொன்னார்கள்" என்று எழுதியிருந்தால் அதே செய்தி எந்தச் சந்தேகமும் இல்லாமல் போயிருக்கும்.

"ஒருவழியாக", "எப்படியோ", "ஒரு போன்கூட", "மறந்துவிட்டீர்கள் போல" ஆகியவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று வருவதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரே செய்தியில் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே திசையைக் காட்டும்போதுதான் படிப்பவருக்குச் சுருக்கென்று தைக்கிறது.

ஒரு செய்தியை எடுத்து, வரி வரியாகத் திருத்திக் காட்டுங்களேன்.

நானே தவறிய ஒன்றைச் சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு பட்டறையில் 48 சேலைகளுக்குச் சாயம் போடக் கொடுத்திருந்தோம். அதற்கு முந்தின தடவை அரக்குச் சாயம் கசிந்து, முடிச்சு அவிழ்த்த இடத்தில் வெள்ளையாக நிற்க வேண்டிய புள்ளிகள் இளஞ்சிவப்பாகப் போயிருந்தன. இந்தத் தடவை சொன்ன தேதிக்கே சேலைகள் வந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால் புள்ளிகள் மல்லிகை மொட்டுப் போல இருந்தன. அந்த மகிழ்ச்சியில் நான் அனுப்பியது இது:

"அண்ணே, 48 சேலையும் வந்து சேர்ந்தது. இந்தத் தடவையாவது புள்ளி வெள்ளையா வந்திருக்கே. ஒருவழியா சித்திரைக்கு முன்னால கைக்கு வந்துருச்சு. பாக்கியை நாளைக்கு அனுப்புறேன்."

எப்போதும் "சரி தங்கச்சி" என்று பதில் போடுகிறவர் "சரிங்கம்மா" என்று போட்டார். அந்த ஒரு சொல் மாறியதைப் பார்த்ததும் என் செய்தியை மேலே போய்ப் படித்தேன். மறுநாள் காலையில் போன் செய்தபோது, "போன தடவைக்குத்தான் பாதிக் கூலியைக் கழிச்சுக் கொடுத்தேனேம்மா, இன்னும் அதையே சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதலில், "தடவையாவது" என்ற சொல் முந்தின தடவையை இழுத்துக்கொண்டு வருகிறது. முந்தின எல்லாத் தடவையும் மோசம் என்றுகூட அதற்குப் பொருள் கொள்ளலாம். அடுத்து, "வந்திருக்கே" என்பதில் உள்ள ஏகாரத்தை நான் வியப்பாக எழுதினேன். உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்று அவர் படித்தார். "ஒருவழியா" என்பது பாடுபட்டு வாங்கியதைக் குறிக்கும் சொல். சொன்ன தேதிக்குக் கொடுத்தவரிடம் அதைச் சொல்லவே கூடாது. கடைசியாகப் பணத்தைப் பற்றிய வரி தன்னளவில் குற்றமற்றது, ஆனால் மற்ற மூன்றுக்கும் பின்னால் வந்து நின்றதால் கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்று சொல்வதுபோல ஆகிவிட்டது. எரிச்சல் குரலில் ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அண்ணே, 48 சேலையும் வந்து சேர்ந்தது. அரக்குச் சேலையைப் பிரித்துப் பார்த்தேன், புள்ளி அத்தனையும் நல்ல வெள்ளையாக நிற்கிறது. நீங்கள் சொன்ன தேதிக்குக் கொடுத்ததால் திருக்கல்யாணத்துக்கு முந்தின வாரமே கடையில் அடுக்கிவிடலாம். பாக்கியை நாளைக் காலையில் போட்டுவிடட்டுமா அண்ணே?"

இதில் மாறியிருப்பது இடைச்சொற்கள் மட்டும் இல்லை. "நல்லா வந்திருக்கு" போன்ற வெறும் பாராட்டை யாரும் எளிதாகத் திருப்பிப் படித்துவிடலாம். கண்ணால் பார்த்த ஒன்றை, அரக்குச் சேலையைப் பிரித்ததையும் புள்ளி வெள்ளையாக நின்றதையும் சொன்னால், அது உண்மை என்று அவருக்கும் தெரியும். சொல்லும் நிலைமையும் பொருந்தாத இடத்தில்தான் படிப்பவர் கேலி என்று முடிவு செய்கிறார். இங்கே இரண்டும் பொருந்திவிடுவதால் கேலிக்கு இடமில்லாமல் போகிறது. தாமதமாக வந்தவரிடம் "சீக்கிரம் வந்துட்டீங்க" என்று எந்த மனதோடு எழுதினாலும் அது குத்தலாகவே விழுவதற்கும் காரணம் இதுதான்.

மரியாதையாக, நல்ல தமிழில் எழுதினாலும் 'ஏன் ஒட்டாம பேசுற?' என்கிறார்களே?

மரியாதைச் சொற்களில் தவறு கிடையாது. அவரிடம் நீங்கள் வழக்கமாகப் பேசும் பேச்சிலிருந்து எவ்வளவு விலகி எழுதியிருக்கிறீர்கள் என்பதே அவர் கண்ணில் படுகிறது. "நீ" என்று அழைப்பவரைத் திடீரென்று "நீங்கள்" என்றால் நம் ஊரில் அது மரியாதை ஆகாது, கோபத்தின் அடையாளமாகிவிடும். "நீங்க" என்று அழைப்பவரைத் "தாங்கள்" என்றால் கதவைச் சாத்தியதுபோல.

உசிலம்பட்டியில் இருக்கும் என் மதினி, மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். கடையில் கூட்டம், என்னால் நகர முடியவில்லை. அவசரத்தில் வாடிக்கையாளருக்கு எழுதும் கை அப்படியே ஓடி, "தங்கள் அழைப்புக்கு நன்றி. வேலைப்பளு காரணமாக வர இயலவில்லை. விழா இனிதே நடைபெற வாழ்த்துகள்" என்று எழுதி முடித்தது. நல்லவேளையாக அனுப்புவதற்கு முன், அவருக்கு நான் முன்பு எழுதிய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். அத்தனையும் "மதினி" என்றுதான் தொடங்கின. பாதிக்கு மேல் ஏதாவது ஒரு கேள்வியில் முடிந்திருந்தன. நான் எழுதி வைத்திருந்ததில் "மதினி" இல்லை, பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை, அவர் பதில் சொல்வதற்கு ஒரு கேள்வியும் இல்லை. எந்த ஊரில் எவர் வீட்டு விசேஷத்துக்கும் அதை அப்படியே அனுப்பலாம்.

அதை அழித்துவிட்டு, "மதினி, பிள்ளைக்குக் காது குத்துற அன்னைக்குப் பார்த்துக் கடையை விட்டு நகர முடியாமப் போச்சு, மனசே கேக்கலை. மொட்டை போட்டதும் ஒரு போட்டோ அனுப்புறீங்களா? ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன்" என்று எழுதினேன். இரண்டு செய்தியிலும் தகவல் ஒன்றுதான், வரவில்லை என்பது. ஒட்டாமையை நீக்கியவை முறைப்பெயர், அந்த வீட்டுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விவரம், பதிலை எதிர்பார்க்கும் ஒரு கேள்வி ஆகிய மூன்றும். ஞாயிறு போக முடியாது என்றால் அந்த வரியை எழுதக் கூடாது. நிறைவேற்றாத சொல் அடுத்த தடவை நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும்.

முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்கோ அலுவலகத்துக்கோ எழுதும்போது இந்தக் கவலை வேண்டாம். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பேச்சு எதுவும் இல்லை. ஆகவே "தங்கள்" என்பது அங்கே மரியாதையாகவே போய்ச் சேரும்.

'சரி' என்று மட்டும் போட்டால் கோபம் என்று எடுத்துக்கொள்கிறார்களே?

அவர் நீளமாக எழுதியதற்குக் கீழே ஒற்றைச் சொல் வந்தால் அந்த அளவு வேறுபாடே பேசத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், அழைப்புக்கு வந்த ஒற்றைச் சொல் குறுஞ்செய்தியின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தபோது, அது இல்லாததைவிட மனமில்லாத பதிலாகத் தோன்றியது என்று கண்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை. அது ஆங்கிலத்தில் நடந்தது. தமிழுக்கு அப்படியே பொருத்த நான் துணிய மாட்டேன். தமிழில் அந்த முற்றுப்புள்ளியின் வேலையை "ங்க" இல்லாமல் போவதும் முறைப்பெயர் இல்லாமல் போவதும் செய்கின்றன என்பது என் அனுபவம். "சரிங்கண்ணே" என்பதும் "சரி அத்தை, பாத்துக்கிறேன்" என்பதும் "சரி" என்பதும் ஒரே பதில் ஆகமாட்டா.

"பரவாயில்லை" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துப் போட வேண்டும். மன்னிப்புக் கேட்டவரிடம் சொன்னால் அது ஆறுதல். மன்னிப்பே கேட்காதவரிடம் சொன்னால், நீ செய்தது தப்பு, நான் பொறுத்துக்கொண்டேன் என்று ஆகிவிடும். "உங்கள் இஷ்டம்" என்பதை நான் எழுத்தில் பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன். "உங்களுக்கு எது வசதியோ சொல்லுங்க, அப்படியே செஞ்சுரலாம்" என்று எழுதினால் நான் நினைத்தது முழுதாகப் போய்ச் சேருகிறது.

ஒரு சிரிப்புப் பொம்மை போட்டால் சரியாகிவிடாதா?

நெருங்கியவர்களிடம் ஓரளவு உதவும். ஆனால் குத்தலான வாக்கியத்துக்குப் பின்னால் சிரிப்பு வந்தால், குத்திவிட்டுச் சிரிப்பதாகவே பலர் படிக்கிறார்கள். வாக்கியத்தைத் திருத்திய பிறகு, பொம்மை இல்லாமலே அது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பொம்மையைச் சேர்ப்பது உங்கள் விருப்பம்.

உண்மையிலேயே கண்டிக்க வேண்டியிருந்தால்? அதையும் குழைந்துதான் எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தச் சோதனை, நீங்கள் நினைக்காத கோபம் போய்விடாமல் தடுப்பதற்கு. இருக்கிற குறையை மறைப்பதற்குப் பயன்படுத்தினால் வேலை கெட்டுவிடும். குறையைச் சொல்லும்போது எண்ணும் தேதியும் பொருளும் இருக்கட்டும், ஆளைப் பற்றிய மதிப்பீடு வேண்டாம். "அருமையாகச் சாயம் போட்டிருக்கிறீர்கள்" என்று கேலி செய்வதைவிட, "20 சேலையில் 7-இல் சாயம் கசிந்திருக்கிறது, போட்டோ கீழே இருக்கிறது, மாற்றித் தர முடியுமா அல்லது கூலியில் கழித்துக்கொள்ளலாமா?" என்று எழுதினால் கண்டிப்பும் குறையவில்லை, எதைத் திருத்த வேண்டும் என்றும் அவருக்குத் தெரிகிறது. எனக்கு நிஜமாகவே கோபம் இருக்கும் நாளில் எதிர்க்குரல் சோதனை பலிப்பதில்லை, ஏனென்றால் எந்தக் குரலில் படித்தாலும் எல்லாம் நியாயமாகவே தோன்றுகிறது. அந்த நாளில் செய்தியை எழுதி வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுத்துப் பார்க்கிறேன்.

வேறொருவரிடம் காட்டிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் உங்கள் குரல் அவர் காதிலும் ஏறிவிடும், பிறகு அவரும் உங்களைப் போலவே படிப்பார். போனைக் கையில் கொடுத்து, "இதை எழுதுனவங்க எந்த மனநிலையில இருக்காங்கன்னு தோணுது?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் கடையில் பில் போடும் பெண்தான் எனக்கு இந்த உதவியைச் செய்கிறாள். பதில் சொல்வதற்கு முன் அவள் ஒரு நொடி தயங்கினாலே செய்தியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அனுப்பிய பிறகுதான் கண்ணில் படுகிறது, என்ன செய்வது?

வாட்ஸப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடியும். அவர் இன்னும் படித்திருக்கவில்லை என்றால் அதுவே போதும். திருத்தப்பட்டது என்ற அடையாளம் அதில் தெரியும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. எல்லாருக்கும் அழித்துவிடுவதை நான் விரும்புவதில்லை. செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி அங்கேயே நிற்கும். எதை எழுதி அழித்தாள் என்று அவர் நினைக்கப்போவது நாம் எழுதியதைவிட மோசமாக இருக்கக்கூடும்.

படித்துவிட்டார் என்றால் விளக்கம் எழுத வேண்டாம். ஒரு செய்தி தவறாகப் போன அதே வழியில் அதன் விளக்கமும் தவறாகப் போகும். நான் அந்த அண்ணனுக்குச் செய்ததுபோலப் போன் செய்து, "நேத்து நான் எழுதுனது குத்திக்காட்டுற மாதிரி இருந்துச்சுண்ணே, நான் சந்தோஷத்துல எழுதுனேன், சொல்லத் தெரியலை" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அன்று அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த அரக்கு எப்படி எடுத்தேன்னு ஒரு நா பட்டறைக்கு வா, காட்டுறேன் தங்கச்சி" என்றார்.